முதல் நாள் கேன்டீனில் என்ன பேசுவது?

பெங்களூரில் அறிமுகமில்லாதவரிடம் பேச்சுக் கொடுக்க, சாப்பாட்டு வரிசைதான் நல்ல இடம். தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுபவரைவிட, டோக்கனோடு நிற்பவர் எளிதாகப் பேசுவார். "இங்க எது நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் சௌ சௌ பாத் என்றால் காய் என்று நினைத்துவிடாதீர்கள். காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வரும். அதை வாங்கிக்கொண்டு, "நானும் உங்களோட உட்காரலாமா?" என்றால் பேச்சு தொடரும்.

கன்னடக்காரரிடம் காலையில் "திண்டி ஆய்தா?", மதியம் "ஊட்டா ஆய்தா?" என்று கேட்கலாம். சாப்பிட்டாச்சா என்று நாம் விசாரிப்பதுபோலத்தான். அவர் உங்களைக் கேட்டால், "ஆய்து, நிம்து?" என்று திருப்பிக் கேளுங்கள். வயதில் சிறியவராகத் தெரிந்தாலும் முதல் நாளில் "நீனு" வேண்டாம், "நீவு" என்றே பேசுங்கள்.

விடுதியில், "வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்று அறைத்தோழரிடம் கேளுங்கள். பல இடங்களில் சோலார் தண்ணீர்தான், தாமதமானால் தீர்ந்துவிடும். அதனால் அக்கறையாகவே பதில் வரும்.

சம்பளம், மார்க், சாதியைத் தொடும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு, போனைப் பார்க்கத் தொடங்கினால், அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். மறுநாள் அதே வரிசையில் ஒரு சிரிப்பு போதும்.