வேறு சப்நெட்டில் உள்ள கணினியை எழுப்ப முடியாதா?

வேறு சப்நெட்டில் அணைந்து கிடக்கும் கணினியை வேக்-ஆன்-லேன் எழுப்பவே எழுப்பாது என்று பலரும் நம்புகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அலுவலக சர்வர் 192.168.10.5, உற்பத்திக் கூடத்துக் கணினிகள் 192.168.20.0/24. மாலையில் அணைத்த கையோடு கணினியின் ஐபி முகவரிக்கு மேஜிக் பாக்கெட்டை அனுப்பினால் அது எழுந்துவிடுகிறது; மறுநாள் காலை அதே கட்டளைக்கு அசைவதில்லை. சப்நெட்தான் தடை என்றால் மாலையிலும் எழுந்திருக்கக் கூடாது. மேஜிக் பாக்கெட்டின் சாரம் 102 பைட்டுகள்: ஆறு முறை FF, பிறகு அந்தக் கணினியின் மேக் முகவரி 16 முறை. நெட்வொர்க் கார்டு தேடுவது இந்த வரிசையைத்தான். அனுப்பியவர் எந்த சப்நெட் என்று அது பார்ப்பதில்லை. காலையில் தோற்பதற்குக் காரணம் ரூட்டரின் ஏஆர்பி அட்டவணை. அணைந்த கணினியின் மேக் முகவரி அதில் சிறிது காலமே நிற்கும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் வழக்கமாக 4 மணி நேரம். அது நீங்கியதும் ரூட்டர் மறுபடி விசாரிக்கிறது, உறங்கும் கணினி பதில் தருவதில்லை, பாக்கெட் அங்கேயே கைவிடப்படுகிறது.

ஆகவே தனி முகவரிக்கு அனுப்பாமல், கூடத்தின் பிராட்காஸ்ட் முகவரியான 192.168.20.255-க்கு அனுப்ப வேண்டும். 255.255.255.255 உதவாது, அதை எந்த ரூட்டரும் கடத்தாது. முன்னதைக் கடத்துவதும் பெரும்பாலான ரூட்டர்களில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஸ்மர்ஃப் தாக்குதல்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டதால் 1999-இல் ஆர்எஃப்சி 2644 அப்படி மாற்றியது. மீண்டும் திறந்தால் அதே ஆபத்து வராதா என்று கேட்பது நியாயம். எல்லோருக்கும் திறந்தால் வரும். ஒரு சர்வருக்கு, ஒரு போர்ட்டுக்கு மட்டும் திறந்தால் அந்த வழி அடைபட்டே இருக்கும்:

```
access-list 110 permit udp host 192.168.10.5 host 192.168.20.255 eq 9
interface Vlan20
 ip directed-broadcast 110
```

இதற்குப் பிறகும் எழவில்லை என்றால், சப்நெட்டைக் குறை சொல்வதற்கு முன் அதே கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கணினியில் `tcpdump -n udp port 9` போட்டுப் பார்க்க வேண்டும். பிராட்காஸ்ட் என்பதால் அதற்கும் அந்த பாக்கெட் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு ரூட்டரில் அல்லது இடையிலுள்ள ஃபயர்வாலில். வந்தும் எழவில்லை என்றால் இனி ரூட்டரைத் தொட வேண்டாம், அந்தக் கணினியிடம் போகலாம். அணைத்த பின்னும் லேன் போர்ட்டின் விளக்கு எரிகிறதா என்பதே முதல் சோதனை. எரியவில்லை என்றால் பயாஸில் ErP அல்லது Deep Sleep கார்டுக்கான மின்சாரத்தை நிறுத்தியிருக்கக்கூடும். அதை அணைத்து, Wake on LAN-ஐ இயக்க வேண்டும். விளக்கு எரிந்தும் எழாவிட்டால் விண்டோஸின் Fast Startup-ஐ நிறுத்திவிட்டு, முழுமையாக அணைத்துச் சோதிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் சுவர் சுவிட்சையே அணைக்கும் வழக்கம் உள்ள கூடத்தில் கார்டுக்கு மின்சாரமே இல்லை. பக்கத்து மேசையிலிருந்து அனுப்பினாலும் அந்தக் கணினி எழாது.