ஆயாவின் கையில் ஒரு படம்: பழகிய இடத்தில் பழகிய முகங்கள்

மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு இன்று காலை சாப்பிட்டது நினைவில் நிற்பதில்லை. இளமையில் பார்த்த இடங்களும் முகங்களும் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. அதனால்தான் பழைய படங்களை வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொல்கிறார்கள். பழகிய இடத்தின் படத்தில் பழகிய முகங்களைச் சேர்த்தும் தரலாம். இறந்துபோன அப்பாவின் உருவத்தைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுப்பது நம் ஊர் ஸ்டூடியோக்களின் பழைய வேலைதானே! ஆனால் இதில் கவனமும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பெரியபாளையம் பக்கத்தில் 78 வயது ஆயா ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆடி மாத ஞாயிறுகளில் பவானி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு மாட்டுவண்டியில் வந்தவர். ஆரணி ஆற்றங்கரையில் தங்கி, பொங்கல் வைத்து, வேப்பஞ்சேலை கட்டி வேண்டுதல் முடித்தவர்.

பேரன் ஆசையாக ஒரு படம் செய்கிறான். கோயிலின் இன்றைய வாசல்; அதன் முன் ஆயா, இன்றைய முகத்தோடு; பக்கத்தில் 55 வயது மகன். ஆயா பார்த்துவிட்டு, "யாருடா இந்தக் கிழவி?" என்று மிரள்கிறார். இது ஆயாவின் தப்பு இல்லை. அவர் மனசில் மகனுக்கு இன்னும் எட்டு வயசு. தன் முகமும் அந்தக் காலத்து முகம்தான்.

இரண்டாவது முறை, ஆயா நினைவில் வைத்திருக்கும் காலத்தை முதலில் முடிவு செய்கிறார்கள். அவர் அடிக்கடி சொல்லும் கதையே வழி காட்டுகிறது: மகன் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். ஆகவே மகனின் பள்ளிப் படமும் தாத்தாவின் 35 வயதுப் படமும் எடுக்கப்படுகின்றன. பின்னணிக்கு வெறும் மணல் கரை. புதுக் கடைகளோ விளம்பரப் பலகைகளோ இல்லாத கோணம்.

படம் செய்யும் முறை

பழைய படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கவனமாக வெளியே எடுங்கள். சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காமல் ஸ்டூடியோவில் கொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சமமாக வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுக்கலாம்.

ஒரு படத்தில் இரண்டு அல்லது மூன்று பேர் போதும். எல்லார் முகத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். கால்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். மிதப்பது போலவோ, கழுத்து வெட்டி ஒட்டியது போலவோ தெரிந்தால் சிலருக்குப் பயம் வந்துவிடும். சின்னப் படத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கி, மங்கிய முகத்தைத் திருத்தப் பார்த்தால் முகமே மாறிவிடும். அந்த மாதிரி படத்தை ஒட்டாமல், அப்படியே தனியாகக் காட்டுங்கள். பளபளப்பில்லாத தாளில் 8 × 10 அங்குலம் அச்சிட்டால், கையில் பிடித்துப் பார்க்க வசதி.

அந்த இடத்துக்கு உண்மையிலேயே வந்தவர்களை மட்டும் சேருங்கள். வராத மருமகளைச் சேர்த்தால், நடக்காத ஒன்றை நடந்ததாக ஆயா நம்பிவிடலாம். எந்தெந்தப் படங்களைச் சேர்த்துச் செய்தது என்று பின்பக்கம் எழுதி வையுங்கள். நாளைக்கு வீட்டில் வேறு யாரும் இதை அசல் என்று நினைக்கக் கூடாது.

காட்டும் முறை

"இது யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. பதில் வராவிட்டால் ஆயா குன்றிப்போவார். "ஆயா, ஆத்தங்கரையில பொங்கல் வைக்க விறகு எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் சரி. அவர் பெயரை மாற்றிச் சொன்னாலும் திருத்த வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி எழுந்த நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

"உங்க தாத்தா எங்கடா, இன்னும் வரலையே?" என்று அவர் கேட்கலாம். "அவர் செத்துட்டாரே" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதுத் துக்கம். "வந்துடுவார்" என்று பொய்யும் வேண்டாம். "தாத்தா ஞாபகம் வந்துடுச்சா ஆயா? அவரு வண்டி ஓட்டினதைச் சொல்லு" என்று பேச்சை அவரிடமே கொடுங்கள். முகம் சுருங்கினாலோ, படத்தைத் தள்ளினாலோ, அழுகை நிற்காவிட்டாலோ எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளிலும் அப்படியே நடந்தால் அந்தப் படம் அவருக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

எல்லை எது?

இது நோயைக் குணப்படுத்தாது, மறதியை நிறுத்தாது. அந்தக் கொஞ்ச நேரம் ஆயா பேசுவார், நீங்கள் கேட்பீர்கள், பலன் அவ்வளவுதான். சில நாட்களுக்குள் திடீரெனக் குழப்பம் அதிகமானால் படத்தைத் தேடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மாத்திரை மாற்றம் போன்ற சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். மூத்த குடிமக்கள் தொடர்பான ஆலோசனைக்கு எல்டர்லைன் 14567 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.