ஒரு கொதி போதும்

அன்பு மகளே,

காலையில் பால்காரர் அளந்து ஊற்றும் பாலைக் காய்ச்சி அடுப்படியிலேயே வைத்து, மதியமும் மாலையும் இரவும் திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பதாக எழுதியிருந்தாய். சத்தெல்லாம் போய்விடுமோ, அட்டைப்பெட்டிப் பாலுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய்.

சத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதே. சுண்ணாம்புச் சத்து எங்கும் போகாது. புரதம் சூட்டில் உருமாறினாலும் உடம்புக்குப் பயன்படும். ஆடையை எடுத்து எறிந்தால் மட்டும் கொழுப்பும் கொஞ்சம் புரதமும் அதோடு போகும். உண்மையில் குறைபவை பி1, பி12, ஃபோலேட், வைட்டமின் சி. ஒவ்வொரு கொதிக்கும் இவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உங்கள் வீடு சைவம் என்பதால் பி12-ஐ மட்டும் கவனி. உங்களுக்கு அது பெரும்பாலும் பாலிலிருந்துதான் கிடைக்கிறது.

எனக்குக் கவலை, இரண்டு கொதிகளுக்கு நடுவே பால் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம்தான். கொதியில் கிருமிகள் சாகும், ஆனால் சிலவற்றின் வித்துகள் பிழைத்து, பால் ஆறும்போது முளைத்துப் பெருகும். கரண்டியிலிருந்தும் கையிலிருந்தும் புதிதாகவும் விழும். அவற்றுள் சில வெளியிடும் நஞ்சு மறுபடி கொதித்தாலும் அழியாது. திரியாமல், புளிக்காமல் இருக்கும் பாலிலும் அது இருக்கலாம். புனேயின் ஏப்ரல் வெயிலில் இது சீக்கிரமே நடக்கும்.

அதனால் கறந்த பாலைக் கட்டாயம் காய்ச்சு. புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் குறையொன்றும் இல்லை. பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடிதான் சூடாக்குகிறார்கள். பால் பொங்கியதும் இறக்கிவிடாமல், தீயைத் தணித்துக் கிளறியபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிடு. பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மூடி ஃபிரிட்ஜில் வை. வேண்டிய அளவை மட்டும் சுத்தமான கரண்டியால் எடுத்துச் சூடாக்கு. மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பாலைக் கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்காதே.

கத்ரஜ், சித்தளே போன்ற பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியது. குளிர்ச்சி விடாமல் கைக்கு வந்திருந்தால் காய்ச்சாமலே குடிக்கலாம். கடையில் வெளியே கிடந்ததோ என்று ஐயம் வந்தால் வாங்காதே.

அட்டைப்பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகளே சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். மாதக்கணக்கில் கெடாதிருப்பது இதனால்தான், மருந்து கலந்ததால் அல்ல. நாள் முழுக்கக் கொதித்த பாலைவிட அதில் வைட்டமின்கள் கூடுதலாகவே மிஞ்சும். அதை மறுபடி காய்ச்ச வேண்டாம். பெட்டியைத் திறந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடு. விலை கூடுதல், தயிரும் கெட்டியாக உறையாது. ஆகவே அன்றாடத்துக்குப் பாக்கெட் பாலே போதும். பயணத்துக்கும் மின்வெட்டு நாளுக்கும் இரண்டு பெட்டி வாங்கி வை.

அன்புடன்,
பெரியப்பா