மண் படமும் சரிவுப் படமும் பொருந்த வைத்தல் - கட்ட அளவை மாற்றும் முறை

ஒரு நீர்ப்பிடிப்பகுதியில் எங்கு எவ்வகை வரப்பு அமைப்பது என முடிவு செய்ய மண் வகைப் படத்தையும் நிலச்சரிவுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும். கணிப்பொறியில் இவ்விரு படங்களும் சிறு சதுரக் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். உயரப் படத்தில் கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். நம் கையிலுள்ள மண் படத்தின் கட்டம் 90 மீட்டர் எனக் கொள்வோம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரும்போது புதிய கட்டங்களுக்கு எண் எப்படித் தருவது என்பதில்தான் தவறு நேர்கிறது.

மண் படத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். கோவில்பட்டி வட்டாரத்தைப் போலச் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் காணப்படும் பகுதி. செம்மண்ணுக்கு 1, வண்டலுக்கு 2, கரிசலுக்கு 3 என எண் தரப்பட்டுள்ளது. இவை வெறும் அடையாள எண்களே. 90 மீட்டர் படத்தை 30 மீட்டராக்கும்போது இருநேர்கோட்டு இடைமதிப்பு முறையைப் பயன்படுத்தினால், செம்மண் கட்டத்தின் நடுவுக்கும் கரிசல் கட்டத்தின் நடுவுக்கும் இடையே வரும் இரு புதிய கட்டங்களுக்கும் 1.67, 2.33 என மதிப்பு கிடைக்கும். முழு எண்ணாகச் சேமிக்கப்படும் கோப்பில் இரண்டும் 2 ஆகிவிடும். அதாவது எல்லை நெடுக 60 மீட்டர் அகலத்திற்கு இல்லாத வண்டல் முளைக்கும்! எல்லை ஒரு கிலோமீட்டர் நீளமிருப்பின் இது 6 எக்டர், சுமார் 15 ஏக்கர்.

இது படத்தோடு நிற்பதில்லை. நீர் எளிதில் இறங்கும் செம்மண்ணுக்குச் சம உயர வரப்பு ஏற்றது. கரிசலில் அவ்வாறு வரப்பிட்டால் நீர் தேங்கும். கோடையில் வெடித்த வரப்பு மழையில் உடையும். அங்கு மிகு நீர் மெல்ல வடிந்து செல்லச் சரிவு வரப்பே அமைத்தல் வேண்டும். பொய்யான வண்டல் பட்டையில் சிக்கிய வயலுக்கு இரண்டில் எது என்பதே தெரியாமல் போகும்.

ஆகவே மண் வகை, நிலப்பயன்பாடு போன்ற அடையாள எண் படங்களுக்கு அண்மைக் கட்ட முறையே உகந்தது. இருக்கும் எண்களில் அருகிலுள்ளதை அப்படியே எடுக்கும். புது எண்ணை உண்டாக்காது.

உயரப் படத்திற்கு இதே முறை பொருந்தாது. நூற்றுக்குப் பத்து சரிவுள்ள நிலத்தில் 30 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் இருக்கும். அதனை அண்மைக் கட்ட முறையில் 10 மீட்டராக்கினால் மூன்று கட்டங்கள் சமமாகவும், பின் 3 மீட்டர் படியாகவும் அமையும். சரிவைக் கணக்கிட்டால் 15, 0, 15 என மாறி மாறி வரும். 10 எங்குமே வராது. சரிவுப் படத்தில் சீரான கோடுகள் தென்பட்டால் இதுவே காரணமா என்று பார்க்க வேண்டும். இருநேர்கோட்டு முறையில் 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயர்ந்து, சரியான சரிவு கிடைக்கும். பாகை அளவிலுள்ள உயரப் படத்தை மீட்டர் அளவுக்கு மாற்றும்போதும் இம்முறையே வேண்டும்.

ஜி.டி.ஏ.எல். மென்பொருளில் கட்டளைகள் வருமாறு:

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -tap -r bilinear uyaram.tif uyaram30.tif
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -tap -r near man.tif man30.tif
gdaldem slope -p uyaram30.tif sarivu30.tif
```

`EPSG:32643` கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கேயுள்ள பகுதிகளுக்கானது. அதற்குக் கிழக்கே `EPSG:32644`. `-tap` இல்லாவிடில் கட்டங்கள் ஒரே அளவாக இருந்தும் விளிம்புகள் பொருந்தாமல் போகலாம்.

சிறு கட்டங்களைப் பெரிதாக்கும்போது மண் வகைக்குப் பெரும்பான்மை முறையும் (`-r mode`) சரிவுக்குச் சராசரி முறையும் (`-r average`) கொள்ளலாம். ஆனால் சராசரி எடுக்கு முன்பே சரிவைக் கணக்கிட்டுவிடுதல் மிக முக்கியம். 30 மீட்டர் கட்டங்களில் உயரம் 100, 103, 106, 109, 109, 106, 103, 100 என ஏறி இறங்கும் மேட்டு நிலம், அடுத்தடுத்து இவ்வாறே தொடர்வதாகக் கொள்வோம். உயரத்தை 240 மீட்டருக்குச் சராசரியாக்கினால் எல்லாக் கட்டத்திலும் 104.5 மீட்டர், சரிவு பூஜ்யம். முதலில் சரிவைக் கணக்கிட்டுப் பின் சராசரி எடுத்தால் நூற்றுக்கு 7.5 கிடைக்கும். வரப்பே தேவையில்லை என்று படம் சொல்லும் நிலத்தில் மண் அரித்துக் கொண்டிருக்கும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மண் வகையின் பரப்பையும் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிடுக. முழு எண் கோப்பில் புது எண் ஏதும் தெரியாதாகையால், வண்டல் திடீரெனக் கூடியிருப்பதே அடையாளம். மேலும், 30 மீட்டராக்கிய மண் படம் 90 மீட்டர் படம் அறிந்ததற்கு மேல் எதுவும் அறியாது. எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரு பழைய கட்ட அகலத்திற்குள் வரும் வயல்களில், வரப்புக்கு அளவுக்கோல் பிடிக்கும் முன் மண்வெட்டியால் ஒரு குழி எடுத்து மண்ணைப் பார்த்துவிட வேண்டும்.