ஒரே சம்பளம், மூன்று வகுத்தல்

கேள்வி: கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 1.3.2014 முதல் கிராணியாக வேலை செய்தேன். தோட்டம் கைமாறியதால் 3.6.2025 அன்று நான்கு வார நோட்டீஸ் கொடுத்தார்கள். 30.6.2025-உடன் வேலை முடிந்தது. புதிய முதலாளி யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் சம்பளம் மட்டும் கிடைத்தது. மீதியைக் கேட்டால், "புது முதலாளியிடம் கேளுங்கள்" என்கிறது மனிதவளப் பிரிவு. கடைசிச் சம்பளம் 1,850 ரிங்கிட். 2024-இல் அது 1,800 ரிங்கிட். இவ்வாண்டு மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். கடிதத்தில் எவ்வளவு என்று எழுதுவது?

பதில்: "எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்" என்று மொத்தமாக எழுதினால் மனிதவளப் பிரிவுக்குத் தட்டிக்கழிப்பது எளிது. உங்களுக்கு வர வேண்டியது ஒரு தொகையல்ல, மூன்று தொகைகள். ஒவ்வொன்றுக்கும் நாள் கூலியைக் கணக்கிடும் வழி வேறு. எல்லாவற்றையும் 26-ஆல் வகுத்து எழுதுவதுதான் பலர் செய்யும் பிழை. அப்படி எழுதினால் பணிநீக்க இழப்பீடே 16,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். அந்த ஒரு பிழையைக் காட்டி, நியாயமான கோரிக்கை முழுவதையும் நிறுவனம் ஒதுக்கிவிடலாம்.

பெரிய தொகை பணிநீக்க இழப்பீடு. 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைகளின்படி, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. முழுமையாகாத ஆண்டுக்கு மாத விகிதத்தில் கணக்கு. இங்கே நாள் கூலி என்பது கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரி. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத்துக்கு 10,800 ரிங்கிட், ஜனவரி முதல் ஜூன் வரை 11,100 ரிங்கிட், ஆக 21,900. அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 60 ரிங்கிட். உங்கள் சேவை 11 ஆண்டு 4 மாதம். பதினோரு ஆண்டுக்கு 220 நாள், அதாவது 13,200 ரிங்கிட். நான்கு மாதத்துக்கு 400. மொத்தம் 13,600 ரிங்கிட்.

அடுத்தது நோட்டீஸ். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு எட்டு வாரம் தருகிறது. நான்கு வாரம்தான் கிடைத்தது. குறைந்த 28 நாளும் ஜூலையில் விழுவதால், அந்த மாதத்தின் 31 நாளால் வகுக்க வேண்டும்: 1,850 ÷ 31 × 28 = 1,670.97 ரிங்கிட். மூன்றாவது, எடுக்காத விடுப்பு. உங்கள் சேவைக்கு ஆண்டுக்கு 16 நாள். விடுப்பு ஆண்டு ஜனவரியில் தொடங்குமானால் அரையாண்டுக்கு 8 நாள். எடுத்த மூன்றைக் கழித்தால் மீதி 5. இங்கேதான் 26-க்கு இடம்: 1,850 ÷ 26 × 5 = 355.77 ரிங்கிட். மூன்றும் சேர்ந்து 15,626.74 ரிங்கிட். இவற்றில் விடுப்புப் பணத்திலிருந்து மட்டுமே ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கலாம். மற்ற இரண்டுக்கும் சேமநிதிப் பிடித்தம் இல்லை.

"புது முதலாளியிடம் கேளுங்கள்" என்ற பதில் செல்லாது. கைமாறிய ஏழு நாளுக்குள் புதிய உரிமையாளர் முந்தைய நிலைக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வராவிட்டால், உங்கள் வேலை ஒப்பந்தம் முடிந்ததாகவே அதே 1980 விதிமுறைகளின் 8-ஆம் விதி கொள்கிறது. இழப்பீட்டுக்குப் பழையவர், புதியவர் இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஆகவே கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள். புதியவர் வேலை தர முன்வந்து, தக்க காரணமின்றி நீங்கள் மறுத்திருந்தால் மட்டும் நிலைமை மாறும். "லயத்து வீட்டைக் காலி செய்தால்தான் பணம்" என்று சொன்னால் அதுவும் நிற்காது. வீட்டு விவகாரம் தனி. இழப்பீட்டை ஏழு நாளுக்குள், அதாவது 7.7.2025-க்குள் தர வேண்டும் என்ற விதியில் அப்படியொரு நிபந்தனை இல்லை. "முழுத் தீர்வு" என்று ஏதாவது கையெழுத்திட்டிருந்தாலும் கவலை வேண்டாம். சட்டம் தருவதைவிடக் குறைவான நிபந்தனை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு.

கடிதத்தில் மூன்று தொகைகளையும் மேலே உள்ள கணக்கோடு தனித்தனியாக எழுதி, சம்பளச் சீட்டுகளின் நகலை இணையுங்கள். "இதில் எந்த எண் தவறு என்று எழுத்தில் காட்டுங்கள்" என்று கேட்டு, 14 நாள் அவகாசம் கொடுங்கள். இழப்பீடு தரும்போது கணக்கு விவரத்தையும் எழுத்தில் தருவது முதலாளியின் கடமையே. பதில் வராவிட்டால் அதே கடிதத்தோடு தொழிலாளர் இலாகாவில் கோரிக்கை பதியுங்கள். அங்கே வழக்கறிஞர் கட்டாயமில்லை. வேலைநீக்கமே நியாயமற்றது என்று வாதிட நினைத்தால் அது தொழில் உறவுச் சட்டத்தின் வேறு வழி. அதற்கு 60 நாள்தான் கெடு. உங்கள் கோரிக்கை பணத்துக்கானது என்பதால், இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்ப வேண்டாம்.