ஆரஞ்சு விளக்கு பழுதா?

கேள்வி: எங்கள் பீங்கான் பட்டறை அலுவலகத்து ஸ்விட்சில் ஒரு போர்ட் மட்டும் ஆரஞ்சாக எரிகிறது. இணைப்பு வேலை செய்கிறது, ஆனால் ஃபைல் நகர்வது மெதுவாக இருக்கிறது. ஸ்விட்சை மாற்ற வேண்டுமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் சிஸ்டம் விளக்கைப் பாருங்கள். அது நிலையான பச்சையாக இருந்தால் பொதுவாக ஸ்விட்ச் நலம்.

அடுத்து போர்ட் விளக்கு. எரிந்தால் இணைப்பு உண்டு. துடித்தால் தரவு ஓடுகிறது. அணைந்திருந்தால் இணைப்பே இல்லை. நிறத்தின் பொருள் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாதாரண கிகாபிட் ஸ்விட்சுகள் பலவற்றில் பச்சை 1000 எம்பிபிஎஸ், ஆரஞ்சு 100 அல்லது 10. அங்கே ஆரஞ்சு என்பது வேகக் குறைவு. சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகையிலோ நிலையான ஆரஞ்சு, போர்ட் தடுக்கப்பட்டிருப்பதைச் சொல்லும். பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி வந்தால் இணைப்பில் கோளாறு.

உங்கள் இணைப்பு ஓடுவதால், வேகம் 100-க்கு இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். 1000-க்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் வரும் இரண்டு ஜோடியே போதும். மற்ற இரண்டில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் விளக்கு எரியும், வேகம் இறங்கிவிடும்.

அந்தக் கேபிளைப் பச்சையாக எரியும் போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஆரஞ்சு அங்கேயும் தொடர்ந்தால் குறை கேபிளிலோ மறுமுனையிலோ. நல்ல கேபிள் போட்டும் மாறாவிட்டால், கணினியின் நெட்வொர்க் கார்டே 100 வகையா என்று பாருங்கள். பழைய போர்ட்டில் எந்தக் கேபிளுக்கும் ஆரஞ்சே வந்தால்தான் ஸ்விட்சைச் சந்தேகியுங்கள்.