ஒரு போட்டோவை வைத்து நோயைச் சொல்லலாமா? படர்தாமரை வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

பூன் லேயில் தங்கி வேலை பார்க்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் தொடையின் படத்தை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டமான தடிப்பு, சற்றுச் சிவந்த விளிம்பு. "அண்ணே, இது படர்தாமரைதானே?" பதில் எழுதுமுன் செய்யவேண்டியவை இவை.

1. கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்

நோயின் பெயர் வேண்டாம். "தொடையில் ஒரு வட்டத் தடிப்பு. விளிம்பு நடுப்பகுதியைவிட அடர்ந்த நிறம். செதில் படத்தில் தெரியவில்லை." கடைசி வரியைக் கவனியுங்கள். "செதில் இல்லை" என்றால் தோலைப் பற்றிச் சொன்னதாகிவிடும். மங்கலான படத்தில் மெல்லிய செதில் மறைந்துபோகும். நம் மாநிறத் தோலில் சிவப்பே பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். அறையின் மஞ்சள் விளக்கு அதையும் மாற்றிவிடும்.

2. படத்துக்குள் வராததைக் கேளுங்கள்

எத்தனை நாளாக? பரவுகிறதா? அரிக்கிறதா? தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தொழுநோயிலும் வளையம் போன்ற தடிப்பு வரும், ஆனால் அங்கே தொடு உணர்ச்சி மங்கியிருக்கலாம். மரத்துப்போனதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

அடுத்தது, என்ன பூசினார்? ஊரிலிருந்து பெட்டியில் வரும் கிரீம்களில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம். அது அழற்சியை அடக்குவதால் அரிப்பு குறையும், விளிம்பு மங்கும். பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். இப்படி வேஷம் மாறிய படர்தாமரைக்கு 1968இலேயே மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். கிரீம் பூசிய மறுவாரம் எடுத்த படம் காசளவு எக்ஸிமாவைப் போலவே இருக்கக்கூடும்.

3. எது தீர்மானிக்கும் என்று சொல்லுங்கள்

விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைப்பார்கள். தோல் செல்கள் கரைந்துவிடும், பூஞ்சை இழைகள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதற்கும் எல்லை உண்டு: சமீபத்தில் பூஞ்சை மருந்து பூசியிருந்தால் இழை சிக்காமல் போகலாம்.

4. நிச்சயமின்மையை அளந்து எழுதுங்கள்

"இருக்கலாம்" என்று மொட்டையாக எழுதுவது தப்பித்துக்கொள்வது. எது எதற்கு ஒத்துப்போகிறது, எது இடிக்கிறது, எதைப் பார்த்தால் தெளியும் என்ற மூன்றும் பதிலில் வரட்டும். இரண்டு வாரமாகக் கிரீம் பூசியதாகத் தம்பி சொன்னால், அவருக்கு இப்படி எழுதலாம்:

"வட்டமும் அடர்ந்த விளிம்பும் படர்தாமரைக்கு ஒத்துப்போகின்றன. ஆனால் நீங்கள் இரண்டு வாரம் கிரீம் பூசியிருக்கிறீர்கள், அதனால் தோற்றம் மாறியிருக்கலாம். எக்ஸிமாவையும் இந்தப் படத்தை வைத்து ஒதுக்க முடியாது. செதிலைச் சுரண்டிப் பார்த்தால் தெளிவாகும். கிரீம் டியூபையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்க. தொட்டால் மரத்திருந்தால் அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்க."